எந்த மென்பொருளுக்குள் எந்த உட்கூறு?

மென்பொருள் உட்கூறுப் பட்டியல் என்பது ஒரு மென்பொருளுக்குள் இருக்கும் ஆயத்தத் துண்டுகளின் கணக்கு. ஒவ்வொரு துண்டின் பெயர், பதிப்பு எண், அதைத் தந்தவர், எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற உறவு ஆகியவை அதில் இருக்கும். ஆங்கிலச் சுருக்கத்தில் இதற்கு எஸ்பாம் என்று பெயர். பிஸ்கட் உறையில் அச்சடிக்கும் சேர்மானக் குறிப்பை இதற்கு உவமை சொல்வதுண்டு. ஆனால் பிஸ்கட் உறை 'மைதா' என்பதோடு நின்றுவிடும். எந்த ஆலை, எந்த மூட்டை என்பதையும் அது சொன்னால்தான் உவமை பொருந்தும்.

இதன் பயன் என்ன என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஜாவா மொழியில் எழுதிய நிரல்கள், தமக்குள் நடப்பதைக் குறித்துவைக்க லாக்4ஜே என்ற இலவச உட்கூறைப் பரவலாகப் பயன்படுத்துகின்றன. அப்பாச்சி அறக்கட்டளை பராமரிக்கும் இதில் பெரிய ஓட்டை இருப்பது அம்மாதம் 10ஆம் தேதி வாக்கில் உலகுக்குத் தெரிந்தது. ஒருவகைச் சிறப்புத் தொடரைப் பதிவேட்டில் எழுதவைத்தால் போதும். லாக்4ஜே அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வெளியிலுள்ள கணினியிலிருந்து நிரலைக் கொண்டுவந்து ஓட்டிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டியே சிலர் இதைச் செய்துகாட்டினார்கள். CVE-2021-44228 என்று எண்ணிட்ட அந்த ஓட்டைக்குத் தீவிரம் பத்துக்குப் பத்து.

நிறுவனங்கள் திணறியது ஓட்டையை அடைப்பதில் அல்ல, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில். லாக்4ஜேவை யாரும் தனியாக வாங்குவதில்லை. ஒரு கணக்கு மென்பொருள் ஓர் அறிக்கைக் கருவியைச் சார்ந்திருக்கும். அந்தக் கருவி ஒரு தேடல் உட்கூறைச் சார்ந்திருக்கும். லாக்4ஜே அதற்கும் அடியில் இருக்கும். பாதிக்கப்பட்ட ஜாவா தொகுப்புகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை அதை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளாமல் வேறு உட்கூறு வழியாகவே பெற்றிருந்தன என்று கூகுள் கணக்கிட்டது. கணக்கு மென்பொருளை வாங்கியவருக்கு மட்டுமல்ல, விற்றவருக்கேகூட அது உள்ளே இருப்பது தெரியாமல் இருக்கலாம்.

பட்டியல் கையில் இருந்தால் வேலை தேடலாகச் சுருங்கிவிடும். மேற்சொன்ன கணக்கு மென்பொருளின் பட்டியலில் இப்படி ஒரு பதிவு இருக்கும்:

```
"name": "log4j-core",
"version": "2.14.1",
"purl": "pkg:maven/org.apache.logging.log4j/log4j-core@2.14.1"
```

கடைசி வரி அந்தத் துண்டின் முழு முகவரி. இதே பெயரில் வேறொன்று இருந்தாலும் குழப்பம் வராது. நிறுவனத்திடம் 200 மென்பொருள்கள் இருந்தால், 200 பட்டியல்களிலும் இந்த முகவரியைத் தேடி, பதிப்பு எண்ணை அறிவிப்போடு ஒப்பிட வேண்டும். கிடைத்த இடத்தில் உறவுகளைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் தேடல் உட்கூறு, அறிக்கைக் கருவி, கணக்கு மென்பொருள் என்று சங்கிலி முழுவதும் தெரியும். திருத்தத்தை யாரிடம் கேட்பது என்பதற்கும் அதிலேயே விடை இருக்கிறது.

முதல் திருத்தமான 2.15.0 முழுமையானதல்ல என்று சில நாட்களிலேயே தெரிந்தது. 2.16.0 வந்தது, அதிலும் வேறொரு குறை தெரிந்து 2.17.0 வந்தது. பட்டியல் இல்லாதவர்கள் ஒவ்வொரு முறையும் வேட்டையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பட்டியலை அவ்வப்போது புதுப்பித்து வைத்திருந்தவர்களுக்கோ கேள்வியில் எண்ணை மாற்றினால் போதும்.

ஒப்பிடுவதிலும் சறுக்கல்கள் உண்டு. பழைய ஜாவாவுக்காகத் திருத்தி வெளியிட்ட 2.12.2, எண்ணில் 2.14.1ஐவிடச் சிறியது, ஆனால் ஓட்டை அடைபட்டது. "2.15க்குக் கீழே எல்லாம் ஆபத்து" என்று தேடினால் அதுவும் வீணாகச் சிக்கும். பெயரும் ஏமாற்றும். ஓட்டை log4j-core என்ற துண்டில்தான். கூடவே வரும் log4j-api துண்டில் இல்லை. கூகுளே முதலில் இரண்டையும் சேர்த்து 35,000க்கு மேற்பட்ட தொகுப்புகள் என்றது. பிறகு முதல் துண்டை மட்டும் எண்ணியபோது அது சுமார் 17,000 ஆகக் குறைந்தது.

இதற்கு நேர்மாறான பிழைதான் அபாயம். சில தயாரிப்பாளர்கள் உட்கூறின் கோப்புகளைப் பெயர் மாற்றித் தங்கள் தொகுப்புக்குள்ளேயே கரைத்துவிடுகிறார்கள். சார்பு அறிவிப்புக் கோப்பை மட்டும் படித்துப் பட்டியல் போடும் கருவிக்கு அது தெரியாது. தேடல் 'இல்லை' என்று சொல்லும். ஓட்டையோ உள்ளே இருக்கும். முடிந்த தொகுப்பைத் திறந்து, உள்ளிருக்கும் கோப்புகளின் கைரேகையை ஒப்பிடும் கருவிகள் இதில் பலவற்றைப் பிடித்துவிடும்.

இனி, ஓர் உட்கூறு இருப்பது வேறு, அதனால் பாதிக்கப்படுவது வேறு. ஓட்டையுள்ள பகுதியை அந்த மென்பொருள் அழைக்காமலே இருக்கலாம். அதைச் சொல்வதற்கென்று தயாரிப்பாளர் வெளியிடும் துணை ஆவணம் வெக்ஸ். பாதிக்கப்பட்டது, பாதிக்கப்படவில்லை, திருத்தப்பட்டது, ஆராயப்படுகிறது என்ற நான்கில் ஒன்றை அது ஒவ்வொரு ஓட்டைக்கும் குறிக்கும். அறிவிப்பு வந்த முதல் நாளில் பெரும்பாலும் நான்காவதுதான் கிடைக்கும்.

பட்டியல் மென்பொருளின் பெயருக்கு உரியதல்ல, அதன் ஒரு குறிப்பிட்ட கட்டமைப்புக்கு உரியது. மார்ச்சில் நிறுவியபோது வாங்கிய பட்டியல், ஆகஸ்டில் புதுப்பித்த பிறகு வேறொரு மென்பொருளைப் பற்றிப் பேசுகிறது. அதனால்தான் அமெரிக்க வணிகத் துறையின் என்டிஐஏ 2021 ஜூலையில் வகுத்த குறைந்தபட்சத் தகவல்களில், பட்டியல் தயாரான நேரமும் ஒன்றாக இடம்பெற்றது.