இரண்டு டெராபைட் என்று சொன்ன பெட்டி

எங்கள் தெருமுனையில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன், போன தை மாதம் இணையத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும் அளவு, உலோக உறை, 2 டிபி கொள்ளளவு, விலை 899 ரூபாய். கணினியில் செருகியதும் 2 டிபி என்றே காட்டியது. அந்த மாதம் எடுத்த மூன்று கல்யாணங்களையும் அதில் போட்டுவிட்டு, கேமரா அட்டைகளை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து முதல் கல்யாண வீட்டார் ஆல்பம் கேட்டு வந்தார்கள். “தம்பி, பேரு இருக்கு, சைஸ் இருக்கு, படம் மட்டும் ஓடலை” என்று பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார். வைரஸ் என்று நினைத்திருந்தார். வைரஸ் இல்லை. நகத்தால் நெம்பியதும் உறை திறந்துகொண்டது. உள்ளே ஒரு சிறு பச்சைப் பலகை, அதில் பசை வைத்து ஒட்டிய ஒரு மைக்ரோ எஸ்டி அட்டை. போனில் போடுவோமே, அதேதான். அதன் உண்மையான கொள்ளளவு 64 ஜிபி.

அப்படியானால் கணினி ஏன் 2 டிபி என்றது? கணினி எதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. பென்டிரைவோ எஸ்எஸ்டியோ, எதிலும் தகவலைத் தாங்கும் சில்லு ஒன்று, அதை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் ஒன்று. கிடங்கில் எத்தனை மூட்டைக்கு இடமிருக்கிறது என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டு எழுதிக்கொள்ளும் முதலாளி மாதிரி, கணினி கண்ட்ரோலரைக் கேட்கிறது, சொன்னதை நம்புகிறது. அந்தக் கண்ட்ரோலருக்குள் கொள்ளளவை எழுதும் மென்பொருள் தொழிற்சாலைகளில் புழங்குவது. மோசடிக்காரர் கையில் அது கிடைத்தால் 64 என்பதை 2,000 என்று மாற்றச் சில நிமிடம் போதும்.

சில்லு நிறைந்த பிறகு நடப்பதுதான் விபரீதம். நியாயமான கருவி ‘இடமில்லை’ என்று நிறுத்திவிடும். இது நிறுத்தாது. சில போலிகள் மிச்சத் தகவலை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். சில, சுற்றிக்கொண்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து எழுதும். அண்ணனுடையது இரண்டாவது ரகம். சுமாராகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கல்யாணத்துக்கு 40 ஜிபி. முதல் கல்யாணம் முழுதாக உட்கார்ந்தது. இரண்டாவதில் 24 ஜிபி போனதும் இடம் தீர்ந்தது. மீதி 16 முதல் கல்யாணத்தின் மேல் ஏறியது. மூன்றாவது வந்து, முதலாவதில் தப்பியிருந்த 24-ஐயும் இரண்டாவதின் முதல் 16-ஐயும் விழுங்கியது. அதனால் முதல் கல்யாணம் முழுக்கப் போனது. இரண்டாவதில் மாப்பிள்ளை அழைப்பு வரை போய், முகூர்த்தம் தப்பியது. மூன்றாவது பத்திரமாக இருந்தது.

பெயர்கள் மட்டும் எப்படித் தப்பின? கோப்புகளின் பெயரும் அளவும் கொண்ட பட்டியல் பெரும்பாலும் சில்லின் தொடக்கத்தில் தனியாக இருக்கும். இந்த மாதிரிப் போலிகள் பலவும் அந்தப் பகுதியைத் தொடாமல் விட்டுவைக்கின்றன. அதனால் சாமான் போன பிறகும் சிட்டை அப்படியே இருக்கிறது. இன்னொரு கண்கட்டும் உண்டு. நகல் எடுத்த கையோடு திறந்து பார்த்தால், கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதியையே காட்டக்கூடும். கழற்றி மறுபடி செருகிப் பார்ப்பதே பார்ப்பது. அதிலும், கடைசியாகப் போட்டது நன்றாகத்தான் ஓடும். பழையதைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க உறையை உடைக்கத் தேவையில்லை. உடைத்தால் திருப்பி எடுக்கவும் மறுப்பார்கள். ஒரே வழி, எழுதிவிட்டுத் திரும்பப் படித்து ஒப்பிடுவது. விண்டோஸில் H2testw என்ற இலவச நிரல் இதைச் செய்யும். ஜெர்மனியின் சி’ட்டி என்ற கணினிப் பத்திரிகை வெளியிட்டது. போலி என்றால் முடிவில் எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதோடு DATA LOST என்ற வரியும் வரும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்ற நிரல்:

```
f3write --end-at=100 /media/usb
f3read /media/usb
```

`/media/usb` என்ற இடத்தில் உங்கள் பென்டிரைவின் பாதையைப் போடவேண்டும். முதல் வரி ஒவ்வொரு ஜிபியாக நூறு கோப்புகள் எழுதும். அடுத்த வரி படித்துச் சரிபார்க்கும். விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் 100 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் சுமாராக ஆகும். 64 ஜிபி போலி இதிலேயே மாட்டிக்கொள்ளும். உள்ளே 128 ஜிபி இருந்தால் மாட்டாது. முழு 2 டிபியையும் சோதிக்க அதே வேகத்தில் எழுதுவதற்கே 28 மணி நேரத்துக்குக் குறையாது. யார் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள்? விற்பவரின் தைரியமே அதுதான்.

குறைவாகத் தெரிவதெல்லாம் மோசடி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 512 ஜிபி எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்பில் விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, சரக்கு ஒன்றுதான். 16 ஜிபி ரேமில் கொஞ்சத்தைத் திரைக்கென்று ஒதுக்கிவைப்பதும் வழக்கம். ஆனால் 16 கேட்ட இடத்தில் 8 இருந்தால் அது வேறு சரக்கு. அங்கே கருவி பொய் சொல்வதில்லை. அனுப்பியவர்தான் மாற்றி அனுப்பியிருக்கிறார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து படம் பிடித்தால் சாட்சி தயார். போன் விளம்பரத்தில் ‘8+8 ஜிபி’ என்றிருந்தால், இரண்டாவது 8 பெரும்பாலும் ரேமே அல்ல, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அண்ணன் விற்பவரைக் கேட்டார். திருப்பி அனுப்பும் ஏழு நாள் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. கடை தானே வைத்த ஏழு நாள் கெடு அந்த விதியில் இல்லை. விற்பனைத் தளம் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

வழக்கு நிற்பது விளம்பரத்தின் மேல்தான். அண்ணனின் ரசீதில் ‘ஹை ஸ்பீடு டிரைவ்’ என்று மட்டும் இருந்தது, கொள்ளளவே இல்லை. அதற்குள் அந்த விளம்பரப் பக்கத்தையும் தூக்கிவிட்டார்கள். ஆர்டர் போட்ட அன்று வாட்ஸ்அப்பில் மைத்துனருக்கு ‘இது வாங்கட்டுமா’ என்று அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்று கிடந்தது. அதில் 2 டிபி என்று பெரிதாக இருந்தது. அதையும் சோதனை முடிவையும் இணைத்துக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினோம். மூன்று வாரத்தில் 899 ரூபாய் வந்தது.

படம் வரவில்லை. மேலே எழுதிவிட்ட தகவலை எந்த மீட்பு மென்பொருளாலும் எடுக்க முடியாது. அண்ணன் இப்போது முதல் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களின் போனில் இருக்கும் துண்டு துண்டு வீடியோக்களைக் கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறார். தாலி கட்டும் நேரம் மட்டும் நான்கு கோணத்தில் கிடைத்திருக்கிறதாம். நான்கிலும் யாரோ ஒருவரின் கை குறுக்கே இருக்கிறது.