வகுப்பாசிரியை மாறும்போது வீட்டுக்கு வரும் கடிதம்

2024ஆம் ஆண்டின் இரண்டாந் தவணை நடுவில், வடமராட்சியிலுள்ள ஒரு பாடசாலையின் மூன்றாந் தரத்துப் பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடு திரும்பியபோது, ஒவ்வொருவர் கொப்பியினுள்ளும் ஒரு துண்டுக் கடிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்தவை மூன்றே வாக்கியங்கள். "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு எதிர்வரும் திங்கட்கிழமை முதல் தங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியர் மாற்றப்படுகிறார் என்பதை இத்தால் அறியத்தருகின்றோம். இதனாற் பிள்ளைகளின் கல்விக்கு எவ்வித பாதிப்பும் ஏற்படாது. பெற்றார் பூரண ஒத்துழைப்பு நல்குமாறு வேண்டப்படுகின்றனர்."

எம் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒன்றும் அவ்வகுப்பிற் படித்தமையால் அக்கடிதம் எமது கைக்கும் வந்தது. முதற் பார்வையில் அதிற் பிழையெதுவும் எமக்குத் தோன்றவில்லை. அலுவலகக் கடிதங்கள் இவ்வாறுதானே எழுதப்படுகின்றன! ஆனால் அன்று மாலையே பெற்றாரின் கைத்தொலைபேசிக் குழுவிற் கதைகள் பெருகத் தொடங்கின. யாரோ வலயக் கல்வி அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிவிட்டார்கள் என்றார் ஒருவர். புதிதாக வருபவர் பயிற்சி பெறாதவராம் என்றார் மற்றொருவர். தம் மகளை அடுத்த வகுப்புப் பிரிவுக்கு மாற்ற இயலுமா என்று ஒரு தாயார் விசாரிக்கலானார். கேட்டறிவதற்குச் சனி, ஞாயிறு இரு தினங்களிலும் பாடசாலையில் ஒருவரும் இல்லை.

உண்மைக் காரணம் மிக எளியது. ஆசிரியைக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. வைத்தியர் எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே ஓய்வெடுக்கும்படி கூறிவிட்டார். அதிபர் அதனை வெளிப்படையாக எழுதக் கூச்சப்பட்டு, "நிர்வாகக் காரணங்கள்" என்று எழுதிவிட்டார். எம்மவரிடையே இவ்விடயத்தில் நாவூறு அஞ்சும் வழக்கமும் உண்டாதலின் அவரைக் குறைகூற நாம் துணியோம். ஆயினும், வகுப்பிலிருந்த பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்கு ரீச்சர் வீட்டிற் பாப்பா வரப்போவது முன்னரே தெரிந்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு சிறுவனுக்கு மாத்திரம் அது தெரிந்திருக்கவில்லை. அல்லது தெரிந்தும் அவன் இரண்டையும் பொருத்திப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலையில் அவனுக்கு வயிற்றுவலி. செவ்வாயும் வயிற்றுவலி, பத்து மணிக்குமேல் அது தானாகவே மறைந்துவிடும். புதன் இரவு அவன் தன் அம்மம்மாவிடம் விடயத்தைச் சொன்னான். முந்திய வாரம் அவன் வகுப்பிற் பெருஞ்சத்தம் போட்டிருக்கிறான். களைத்துப்போன ஆசிரியை, "இப்படிச் சத்தம் போட்டால் நான் இந்த வகுப்பை விட்டுப் போய்விடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். அவரும் போய்விட்டார். தன்னாலேயே ரீச்சர் போனார் என்று அந்த ஏழு வயதுப் பிள்ளை மூன்று நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தது.

அம்மம்மா வியாழன் காலையிலேயே அதிபரிடம் சென்றார். அதிபரும் நல்ல மனிதர். கடிதத்தைத் திருப்பி எழுதுவதெனத் தீர்மானித்து, பத்திரிகைக்கு எழுதுபவர் என்ற முறையில் எம்மையும் அழைத்தார். அன்று அங்கே நாம் இருந்து கற்றுக்கொண்டவற்றையே இக்கட்டுரையில் எழுதுகின்றோம்.

முதலிற் பழைய கடிதத்தை வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தோம். யார் வருகிறார் என்று அதில் இல்லை. ஏன் என்று இல்லை. எவ்வளவு காலத்துக்கு என்றும் இல்லை. இம்மூன்றையும் விட்டுவிட்டு, "எவ்வித பாதிப்பும் ஏற்படாது" என்று உறுதி கூறியிருந்தது. எமது ஆரம்பப் பிரிவுகளில் வகுப்பாசிரியரே தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் முதலிய பெரும்பாலான பாடங்களைக் கற்பிப்பவர். காலையில் இடாப்புக் கூப்பிடுவது முதல் வீட்டுக்கு அனுப்பும்வரை பிள்ளைகளோடு இருப்பவர் அவரே. அவர் மாறும்போது ஒன்றுமே மாறாது என்றால் எந்தத் தாய் நம்புவாள்? இன்னது மாறும், இன்னது மாறாது என்று பிரித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

காரணத்தை எழுதுமுன் அதிபர் ஆசிரியையிடம் தொலைபேசியிற் சம்மதம் கேட்டார். "லீவு என்று எழுதுங்கள், பிரசவ லீவு என்றே எழுதுங்கள், சேர். அதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார் அவர். அவர் மறுத்திருப்பின் "சொந்தக் காரணத்தால் லீவிற் செல்கிறார், அவர்மீது எவ்வித முறைப்பாடும் இல்லை" என்று எழுதியிருப்போம். அந்த இரண்டாவது பகுதி இருந்தாலே வீண்கதைகளிற் பாதி அடங்கிவிடும்.

கால அளவுதான் சற்றுச் சிக்கலானது. அரசாங்க சேவையிலுள்ள பெண்களுக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ லீவு உண்டு. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகள் அக்கணக்கிற் சேரா. ஆகவே நாட்காட்டியில் அது நான்கு மாதத்தைக் கடந்து நீளும். அதன்பின் அரைச் சம்பளத்துடனும், சம்பளமின்றியும் நீட்டிக்க விதியுண்டு. இவ்வாசிரியை 84 நாளோடு திரும்பினாலும் மூன்றாந் தவணை முடியும் தறுவாயிலேயே வருவார். அதிபர் முதலில், "ஆசிரியை விரைவில் திரும்பிவிடுவார்" என்று எழுத விரும்பினார். அது பிள்ளைகளை ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாசலைப் பார்க்க வைக்கும் என்று புதிய ஆசிரியை மறுத்தார். அத்துடன், வருட இறுதியில் இரண்டாம் முறையும் வகுப்பை மாற்றிக் கைகொடுப்பது நல்லதன்று என்றும் சொன்னார். எனவே ஆண்டு முடியுமட்டும் புதியவரே வகுப்பாசிரியை என்று தீர்மானித்து, அதனைத் தெளிவாக எழுதினோம்.

பெற்றார்க்குச் சென்ற கடிதம், பெயர்களை விடுத்து, பின்வருமாறு:

"அன்புடைய பெற்றார்க்கும் பாதுகாவலர்க்கும். சென்ற வெள்ளிக்கிழமை நாம் அனுப்பிய கடிதம் போதிய விளக்கமின்றி அமைந்தமைக்கு வருந்துகின்றோம். மூன்றாந் தர வகுப்பாசிரியை அவர்கள் பிரசவ லீவிற் சென்றுள்ளார், நலமாக இருக்கிறார். இவ்வாண்டு முடியும்வரை, எமது பாடசாலையில் முதலாம், இரண்டாந் தரங்களைப் பதினொரு வருடம் கற்பித்த ஆசிரியை அவர்கள் வகுப்பை நடத்துவார். பிள்ளைகளின் இருக்கைகள், நேரசூசி, வாசிப்புக் குழுக்கள் மாறமாட்டா. வீட்டுவேலை கொடுக்கும் முறையும், கொப்பி திருத்தும் முறையும் சிறிது மாறலாம். முதல் இரு வாரங்களிற் புதிய பாடம் மெதுவாகவே செல்லும். கற்றவற்றை மீட்டுப் பார்க்கவே அக்காலம் பயன்படும். இக்கடிதத்தைப் பிள்ளைக்கு நீங்களே வாசித்துக் காட்டி, ரீச்சர் போனதற்கு எந்தப் பிள்ளையும் காரணமல்ல என்பதையும் வாயாற் சொல்லுங்கள். கேள்வி உள்ளோர் நாளை வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் வகுப்பறைக்கு வரலாம். புதிய ஆசிரியையும் அதிபரும் அங்கே இருப்போம்."

இக்கடிதத்தைப் புதிய ஆசிரியை வாசித்து ஒப்புக்கொண்ட பின்னரே கல்லச்சுப் பொறிக்குக் கொண்டுசென்றோம். கல்லச்சு என்று பழக்கத்தில் எழுதிவிட்டோம். இக்காலத்தில் அது போட்டோப் பிரதிதான். அவர் வாசிக்காமல் அனுப்பியிருப்போமாயின் ஒரு தவறு நேர்ந்திருக்கும். அவர் வெள்ளிக்கிழமை வாங்குகளை வட்டமாகப் போட எண்ணியிருந்தார். இருக்கைகள் மாறமாட்டா என்று கடிதம் சொல்ல, மறுநாளே அவை மாறியிருந்தால் மற்றெந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் நம்புவர்? வட்டத்தை அவர் ஒரு மாதம் தள்ளிவைத்தார். இடதுகையால் எழுதும் ஒரு பிள்ளை வாங்கின் இடது ஓரத்திலும், கரும்பலகை தெளிவாகத் தெரியாத ஒரு பிள்ளை முன்வரிசையிலும் இருப்பதன் காரணத்தைப் பழைய ஆசிரியை தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பேசியபோதே அவர் அறிந்துகொண்டார். இத்தகைய விபரங்கள் ஆசிரியர்களுக்கிடையே மாத்திரம் செல்லவேண்டியவை. பொதுக்கடிதத்தில் அவற்றுக்கு இடமில்லை.

பிள்ளைகளுக்கான கடிதம் வேறு. அதிபர் எழுதினால் அது போதாது என்று அம்மம்மா சொன்னார். அது சரியென்றே எமக்கும் பட்டது. போனவரே சொன்னாலன்றி அவனுக்கு மனம் ஆறாது. ஆகவே பழைய ஆசிரியை வீட்டிலிருந்து தம் கையால் எழுதி அனுப்பினார். புதிய ஆசிரியை அதனை வகுப்பில் வாசித்தார்.

"அன்புள்ள என் பிள்ளைகளே, எனக்குப் பாப்பா பிறக்கப் போகிறது. அதனால் வீட்டில் ஓய்வெடுக்கிறேன். நான் வந்ததற்குக் காரணம் பாப்பா மட்டுந்தான். நீங்கள் சத்தம் போட்டதாலோ, வீட்டுவேலை செய்யாததாலோ நான் வரவில்லை. ஒருநாள் கோபத்தில் போய்விடுவேன் என்று சொன்னேன், அது பிழை. புதிய ரீச்சருக்கு உங்கள் எல்லோருடைய பெயரும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் முதல் நாட்களில் அவருக்கு மறந்துபோகும். நீங்கள் சொல்லிக் கொடுங்கள். வாய்ப்பாட்டில் ஏழுவரை வந்துவிட்டோம் என்றும் சொல்லியிருக்கிறேன். கலர் வெண்கட்டி அலுமாரியின் இரண்டாந் தட்டில் இருக்கிறது."

இதில் "அது பிழை" என்ற இரண்டு சொற்களை எழுதத் தமக்கு அரைமணி நேரம் சென்றதாக ஆசிரியை பின்னர் எம்மிடம் கூறினார். வெண்கட்டி பற்றிய வாக்கியத்தை நாம் வேண்டாமென்று வெட்டப் பார்த்தோம். புதிய ஆசிரியை விடவில்லை. பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கம், எந்தத் தட்டு, யார் இடாப்பை அலுவலகத்துக்குக் கொண்டு செல்வது என்பவையே அந்த வயதுப் பிள்ளைகளின் கவலை. பெரியவர்கள் நினைப்பவை அல்ல என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை பதினான்கு பெற்றார் வந்திருந்தனர். வகுப்பு மாற்றம் கேட்ட தாயாரும் வந்து, வீட்டுவேலையைப் பற்றி மாத்திரம் கேட்டுச் சென்றார். எல்லோரும் திருப்தியுற்றனர் என்று நாம் எழுதமாட்டோம். தந்தையார் ஒருவர், முதற் கடிதத்தையே இப்படி எழுதியிருக்கலாமே என்று சற்று உரத்த குரலிற் கேட்டார். அதிபர், "எழுதியிருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டு வாரங்களின்பின் புதிய ஆசிரியை தம் கையொப்பத்துடன் நான்கு வரியில் ஒரு குறிப்பு அனுப்பினார்: இப்போது எந்தப் பாடத்தில் நிற்கின்றோம், எந்தப் பிள்ளைக்கேனும் காலையில் வயிற்றுவலியோ தலைவலியோ தொடருமாயின் தமக்குத் தெரியப்படுத்துக என்பவையே அதில் இருந்தன. சிறுவன் வெள்ளிக்கிழமையே பாடசாலைக்கு வந்துவிட்டான். திங்கட்கிழமை கலர் வெண்கட்டி எங்கே என்று புதிய ரீச்சர் கேட்டபோது, கடிதத்தை எல்லோருமே கேட்டிருந்தும், முதலில் எழுந்தோடி அலுமாரியைத் திறந்தவன் அவனேயென்று அம்மம்மா சொன்னார்.