சரியான விடைக்கு இரட்டைத் தண்டனை

நான்கு வீடுகளின் மாத வாடகை 5, 8, 11, 16 ஆயிரம் ரூபாய். பரப்பளவு, அறைகள், பகுதி முதலிய விவரங்களைக் கொடுத்தால் வாடகையைச் சொல்லும் மாடல் ஒன்றுக்குப் பயிற்சி தருகிறோம். அது நான்கு வாடகையையும் பிசகில்லாமல் சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தவறின் அளவு, அதாவது இந்தத் துறையினர் ‘லாஸ்’ என்று சொல்லும் எண், பூஜ்யமாக வரவேண்டும். வருவதோ 33. எந்த வீட்டைக் காட்டினாலும் ‘10 ஆயிரம்’ என்று ஒரே பதிலை ஒப்பிக்கும் மாடலுக்கு லாஸ் 16.5தான். பயிற்சி என்பதே லாஸ் குறையும் திசையில் நகர்வது. அதனால் மாடல் நாளடைவில் ஒப்பிக்கிற பக்கமே சாய்ந்துவிடும். வழியில் எங்கும் பிழைச் செய்தி வராது.

கோளாறு இருப்பது ஒரு கழித்தலில். மாடல் தரும் விடை பெரும்பாலும் 4 வரிசை, 1 நெடுவரிசை கொண்ட அட்டவணையாக வரும். அதன் வடிவம் (4, 1). உண்மையான வாடகைகளோ வெறும் நான்கு எண்களின் பட்டியல், வடிவம் (4,). இரண்டும் ஒன்றல்ல என்று நிரல் நின்றுவிட்டிருந்தால் நல்லது. ஆனால் நம்பை நூலகத்தில் பழகிப்போய், பைடார்ச்சும் பின்பற்றும் ‘பிராட்காஸ்டிங்’ விதி அப்படி நிற்காது. வடிவங்களை வலக்கோடியிலிருந்து ஒப்பிட்டு, இல்லாத இடத்தையும் 1 என்று இருக்கும் இடத்தையும் தேவையான அளவுக்கு நீட்டிக்கொள்ளும். விளைவு, 4 கழித்தல்களுக்குப் பதில் 16. ஒவ்வொரு வீட்டின் கணிப்பும் நான்கு வீட்டு வாடகைகளோடும் ஒப்பிடப்படுகிறது. நான்கு பேரையும் ஒரே பதிலால் சமாளிக்க வேண்டுமென்றால் சராசரியைச் சொல்வதுதான் வழி. அந்தச் சராசரி 10.

விதியைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. ஓர் அட்டவணையின் எல்லா வரிசைகளோடும் ஒரே எண்வரிசையைக் கூட்டுவது தினமும் நடக்கும் வேலை. அதை ஒரே வரியில் முடிக்க உதவுவது இதே விதிதான்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது இவ்வளவுதான்: லாஸ் முதலில் மளமளவென்று இறங்குகிறது, பிறகு ஒரே இடத்தில் நிற்கிறது. உடனே கற்றல் வேகத்தை மாற்றிப் பார்ப்பார்கள், மாடலைப் பெரிதாக்குவார்கள், டேட்டா போதவில்லை என்பார்கள். கணிப்புகளைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தால் போதும்: எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணாக, சராசரியை ஒட்டி இருக்கும்.

பைடார்ச்சின் சொந்த `mse_loss` இந்தப் பொருத்தமின்மையைக் கண்டால் ஓர் எச்சரிக்கை காட்டும். ஆனால் அது நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடிப்போய்விடும். `((pred - y)**2).mean()` என்று கையால் எழுதியவருக்கு அதுவும் கிடையாது. அதனால்தான் பயிற்சி தொடங்கும் முன்பே சில நொடிகளில் ஓடி முடியும் சிறு சோதனைகளை, யூனிட் டெஸ்ட்களை, எழுதிவைக்கிறார்கள். இதற்கான ஒன்று:

```python
def test_output_shape():
    model = RentModel()
    x = torch.randn(3, 7)   # 3 வீடு, 7 விவரம்
    y = torch.randn(3)
    assert model(x).shape == y.shape
```

அசல் டேட்டா எதுவும் வேண்டாம். ஏதோ எண்கள் போதும். கவனிக்க வேண்டியது 3, 7 என்ற தேர்வை. ஒரே ஒரு வீட்டை வைத்துக் கழித்தலைச் சோதித்தால் (1, 1) வடிவமும் (1,) வடிவமும் சேர்ந்து ஒரே எண்ணைத்தான் தரும், தவறு ஒளிந்துகொள்ளும். வீடுகளும் விவரங்களும் சம எண்ணிக்கையில் இருந்தால் வரிசை, நெடுவரிசை இடம் மாறிப்போனாலும் தெரியாது. ஆகவே ஒன்றோடொன்று ஒட்டாத சிறு எண்களையே எடுப்பது வழக்கம். சோதனைகளை ஓட்டும் `pytest` கட்டளையோடு `-W error::UserWarning` என்று சேர்த்தால், ஓடிப்போகும் எச்சரிக்கையும் தோல்வியாக மாறி நிற்கும்.

இதைச் சரிசெய்யப் போகிறவர் அவசரத்தில் இன்னொரு பள்ளத்தில் விழுவதுண்டு. `squeeze()` என்று எழுதினால் 1 என்ற அளவுள்ள எல்லா அச்சுகளும் உதிர்ந்துவிடும். 1001 வீடுகளை 250 வீதம் பிரித்தால் கடைசிக் கட்டில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அப்போது வீட்டு எண்ணிக்கையைக் குறிக்கும் அச்சும் சேர்ந்து உதிர்கிறது. கணிப்புகளை ஒன்றுசேர்க்கும் இடத்தில், சுற்றின் முடிவில் நிரல் சரியும். `squeeze(-1)` என்று கடைசி அச்சை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு வீடு மட்டும் உள்ள கட்டுக்கும் தனியாக ஒரு டெஸ்ட் இருக்கட்டும்.

வடிவம் சரி என்பதால் உள்ளடக்கமும் சரி என்று ஆகாது. 3 வீடுகளின் 7 மாத வாடகை (3, 7) வடிவில் இருக்கிறது. மாடலின் ஒரு பகுதிக்கு மாதம் முன்னால் வரும் (7, 3) வேண்டும். `transpose` செய்ய வேண்டிய இடத்தில் `reshape` செய்தால் வடிவம் (7, 3) என்றே வரும். ஆனால் எண்கள் வரிசையாகப் படிக்கப்பட்டு, மூன்று மூன்றாக மறுபடி அடுக்கப்படுவதால், முதல் வரிசையில் முதல் வீட்டின் மூன்று மாதங்கள் உட்கார்ந்திருக்கும். இதைப் பிடிக்க ஓர் அழகான உத்தி உண்டு. முதல் வீட்டின் கணிப்பை மட்டும் எடுத்து, அது எந்த உள்ளீடுகளைச் சார்ந்திருக்கிறது என்று பின்னோக்கிக் கேட்பது:

```python
def test_rows_do_not_mix():
    model = RentModel().eval()
    x = torch.randn(3, 7, requires_grad=True)
    model(x)[0].backward()
    assert (x.grad[1:] == 0).all()
```

மற்ற வீடுகளின் மீது கிரேடியன்ட் பூஜ்யமாக இல்லையென்றால், பக்கத்து வீட்டுக் கணக்கு இங்கே கசிகிறது என்று பொருள். `eval()` அவசியம், பேட்ச் நார்மலைசேஷன் உள்ள மாடல்கள் பயிற்சியின்போது எல்லா வரிசைகளையும் கலந்தே கணக்கிடுபவை, அது தவறல்ல.

மாடலுக்கு வருவதற்கு முன்பே டேட்டா கெட்டுப்போகும் இடம், பெரும்பாலும் இரண்டு அட்டவணைகளை இணைக்கும் இடம்தான். வீட்டுப் பட்டியலோடு பகுதி விவரங்களை இணைக்கிறோம். பகுதி அட்டவணையில் ஒரு பெயர் தவறுதலாக இருமுறை இருந்தால் அந்தப் பகுதி வீடு ஒவ்வொன்றும் இரண்டாகும். பாண்டாஸ் இதைச் சொல்லாது, `validate="many_to_one"` என்று `merge`இல் கேட்டாலொழிய. பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தால் பொருத்தமே கிடைக்காமல் அந்தக் கட்டம் காலியாகும். யாராவது `fillna(0)` எழுதியிருந்தால் அந்தக் காலியும் மறைந்து, பகுதிக்குப் பூஜ்யம் என்ற பொய் மதிப்பு வந்துவிடும். இதற்கான டெஸ்ட்டில் கையால் எழுதிய மூன்று வீடுகள் போதும்: உள்ளே மூன்று போனால் வெளியே மூன்று வர வேண்டும், எதுவும் காலியாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு வீட்டின் வாடகையும் அதே வீட்டோடு இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே ஒரு டெஸ்ட் எழுதத்தான் நேரம் என்றால் நான் இதை எழுதுவேன்: நான்கே வீடுகளைக் கொடுத்து, சில நூறு முறை பயிற்சி ஓட்டி, லாஸ் பூஜ்யத்தை நெருங்குகிறதா என்று பார்ப்பது. ஆரோக்கியமான மாடல் நான்கை மனப்பாடம் செய்துவிடும். மேலே சொன்ன கழித்தல் கோளாறு இருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் லாஸ் 16.5க்குக் கீழே இறங்காது. எல்லை எண்ணைத் தாராளமாக வைக்க வேண்டும், தொடக்க எண்களின் விதையை நிலைப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் தேறி மறுநாள் தோற்கும் டெஸ்ட்டை யாரும் மதிக்க மாட்டார்கள்.

வாடகைப் பத்தியில் சிலர் மாதக் கணக்கையும் சிலர் ஆண்டுக் கணக்கையும் எழுதியிருந்தால் இந்த டெஸ்ட்கள் எல்லாமே பச்சை காட்டும். வடிவம் சரி, எண்ணிக்கை சரி, நான்கு வீட்டையும் மனப்பாடம் செய்தாயிற்று. அதற்கு அசல் டேட்டாவின் மீதே வரம்புச் சோதனை வேண்டும், அந்த வரம்பு எவ்வளவு என்று வீட்டு வாடகை தெரிந்த ஒருவர்தான் சொல்ல முடியும்.