முக்கால் நிமிடத்தில் ஒரு பெருக்கல்

கைப்பேசியில் நெட்டுவாக்கில் ஓடும் மனக்கணக்குக் காணொளிகள் பலவற்றில் விடை சட்டென்று வந்துவிடும். அந்த வழி எந்த எண்களுக்குச் செல்லும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பார்த்தவர் வேறு இரண்டு எண்களைப் போட்டுப் பார்க்கிறார், தப்பாக வருகிறது. அதோடு அந்த வழியையே விட்டுவிடுகிறார். அதனால் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்ததும் நிபந்தனைக்குத்தான் முதலில் இடம் ஒதுக்க வேண்டும்.

43 × 47-ஐ எடுத்துக்கொள்வோம். பத்தாம் இடத்தில் இரண்டிலும் 4. ஒன்றாம் இடத்து 3-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 10. இந்த இரண்டும் பொருந்த வேண்டும்; 43 × 46-க்கு இந்த வழி உதவாது. பொருந்திவிட்டால், 4-ஐ அடுத்த எண்ணான 5-ஆல் பெருக்கி 20 என்று எழுதுங்கள். பக்கத்திலேயே 3 × 7, அதாவது 21. விடை 2021.

ஏன் இப்படி வருகிறது? 47-இல் உள்ள 7-ஐ எடுத்து 43-க்குக் கொடுங்கள். 40 × 50 ஆகிறது, அது 2000. இப்படி மாற்றியதில் விட்டுப்போவது 3 × 7 மட்டுமே. அந்த 21-ஐக் கூட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. திரையில் அந்த 7 நகர்ந்து போய் 43-உடன் சேர்வதைக் காட்டினால் போதும், விளக்கத்துக்குத் தனியாக வசனமே வேண்டாம்.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 41 × 49-இல் முன்பாதி 20, பின்பாதி 9. பலர் 209 என்று எழுதிவிடுவார்கள். 40 × 50-ஏ 2000 ஆகும்போது விடை எப்படி 209 ஆகும்? பின்பாதிக்கு எப்போதும் இரண்டு இடம் வேண்டும். 09 என்று எழுதினால் 2009, சரியான விடை.

இனி ஸ்கிரிப்ட். எண்கள் திரையின் நடுவில் பெரிதாக இருக்கட்டும்; அடிப்பக்கத்தைச் செயலியின் எழுத்துகள் மறைத்துவிடும்.

முதல் 3 நொடி: "43-ஐ 47-ஆல பெருக்கணும். பேனாவைத் தொடாதீங்க!"

10-ஆவது நொடி வரை: "முன்னாடி ரெண்டுலயும் 4. பின்னாடி 3-ம் 7-ம் சேர்ந்தா 10. இப்படி இருந்தா மட்டும்தான் இது வரும்."

25 வரை: "நாலஞ்சு இருபது. மூவேழு இருபத்தொண்ணு. 2021!" இப்போது 7 நகர்கிறது, 40 × 50 தெரிகிறது.

35 வரை: "41-ஐ 49-ஆல பெருக்கினா? 20, அப்புறம் 09. அந்தப் பூஜ்யத்தை விட்டுடாதீங்க."

கடைசி 10 நொடிக்கான சவாலில் அந்தப் பூஜ்யம் மறுபடி வர வேண்டும். யார் புரிந்துகொண்டார்கள் என்பது பதில்களிலேயே தெரிந்துவிடும்.

"இப்போ உங்க முறை. 71-ஐ 79-ஆல பெருக்குங்க. அஞ்சு நொடிதான். விடையைக் கீழே எழுதுங்க!"