பத்தா, முப்பதா?

பத்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு கணக்குக்கு மட்டும் நான்கே நான்கு விடைகள் மாறி மாறி வந்தன: 150, 10, 90, 200. இவற்றில் 150 கிராம்தான் சரி. மற்ற மூன்றும் பெருக்கலில் வந்த பிழைகளாக இருந்தால் ஆளுக்கு ஒரு விடை வந்திருக்கும். பலர் ஒரே தவறான எண்ணில் போய் நிற்கிறார்கள் என்றால், அந்த எண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது என்று அர்த்தம். அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட எனக்கு மனம் வருவதில்லை.

கணக்கு இதுதான். சீரான மீட்டர் அளவுகோல் ஒன்று, 40 செ.மீ. குறிக்குக் கீழே ஒரு கத்தி முனை மேல் நிறுத்தப்பட்டிருக்கிறது. 10 செ.மீ. குறியில் 50 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டதும் அளவுகோல் சாயாமல் கிடைமட்டமாக நிற்கிறது. அளவுகோலின் நிறை என்ன? இது முதல் பகுதி, நான்கு மதிப்பெண். எடைக்கல்லை 20 செ.மீ. குறிக்கு நகர்த்தினால், மறுபடி சமநிலை வர கத்தி முனையை எங்கே வைக்க வேண்டும்? இது இரண்டாம் பகுதி, மூன்று மதிப்பெண்.

கதவைத் தள்ளும்போது கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கை வலிக்கும், கைப்பிடிப் பக்கம் தள்ளினால் லேசாகத் திறக்கும். ஒரு விசைக்கு இருக்கும் அந்தத் திருப்பும் வலிமையைத்தான் திருப்புத்திறன் என்கிறோம். விசையை, சுழலும் புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். இடஞ்சுழியாகத் திருப்பப் பார்ப்பதும் வலஞ்சுழியாகத் திருப்பப் பார்ப்பதும் சமமாக இருந்தால் பொருள் சுழலாது. இந்தக் கணக்கில் சுழலும் புள்ளி 40 செ.மீ. குறி. எடைக்கல் அதற்கு இடப்பக்கம் 30 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. அளவுகோல் சீரானது என்பதால் அதன் மொத்த எடையும் நடுவில், 50 செ.மீ. குறியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அது வலப்பக்கம் 10 செ.மீ. தூரம். ஆகவே 50 × 30 = M × 10, அளவுகோலின் நிறை M = 150 கிராம். எடை என்று எழுதினால் இரு பக்கமும் g வரும், அடிபட்டுப் போகும்.

10 கிராம் என்று எழுதியவர்கள் 50 × 10 = M × 50 என்று போட்டிருந்தார்கள். அளவுகோலின் பூஜ்ஜிய முனையிலிருந்து இரண்டு தூரங்களையும் எடுத்திருக்கிறார்கள். 90 கிராம் எழுதியவர்கள் மறுமுனையிலிருந்து அளந்திருக்கிறார்கள்: 50 × 90 = M × 50. இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. முதல் வகுப்பிலிருந்தே அளவுகோலைக் கையில் எடுத்தால் பூஜ்ஜியத்திலிருந்து அளக்கத்தான் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். "10 செ.மீ. குறியில்" என்று வினாவில் படித்ததும், அந்தப் பத்து தூரமாகவே மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் 10 என்பது எடைக்கல் தொங்கும் இடத்தின் பெயர், வீட்டுக் கதவு எண் மாதிரி. பத்தாம் எண் வீட்டுக்கும் நாற்பதாம் எண் வீட்டுக்கும் இடையே எத்தனை வீடு என்பது வேறு கேள்வி.

10 கிராம் என்ற விடையைப் பார்த்ததும் மாணவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்து கிராம் என்பது இரண்டு தேக்கரண்டித் தண்ணீரின் நிறை. ஒரு மீட்டர் மர அளவுகோல் அவ்வளவு லேசாக இருக்காது என்று ஆய்வகத்தில் அதைத் தூக்கிய எவருக்கும் தெரியும். 90 கிராமில் இந்தச் சோதனை உதவாது, அது நம்பும்படியாகவே இருக்கிறது. வந்த விடையைக் கத்தி முனையில் திரும்ப வைத்துப் பார்ப்பதுதான் அங்கே வழி. 40 குறியின் இடப்பக்கம் 50 × 30 = 1500, வலப்பக்கம் 90 × 10 = 900. அளவுகோல் இடப்பக்கம் சாய்ந்துவிடும்.

இந்த இரண்டு விடைகளிலும் தூரத்தைவிட ஆழமான ஒரு குறை இருக்கிறது. பூஜ்ஜிய முனையைச் சுழலும் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். எடைக்கல் அதற்கு வலப்பக்கம் கீழ்நோக்கி இழுக்கிறது. அளவுகோலின் எடையும் வலப்பக்கம்தான், அதுவும் கீழ்நோக்கித்தான். இரண்டுமே வலஞ்சுழி! ஒரே பக்கம் திருப்பும் இரண்டை எதிரெதிர்ப் பக்கம் எழுதிச் சமன் போட முடியாது. அந்த முனையைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அளவுகோலைக் கீழே விழாமல் வைத்திருப்பது எது? 40 குறியில் கத்தி மேல்நோக்கிக் கொடுக்கும் தாங்குவிசை. அதை மாணவர் எழுதவே இல்லை. கத்தி முனையிலிருந்து அளந்தால் இந்த விசைக்குத் தூரம் பூஜ்ஜியம், அதனால் அதன் திருப்புத்திறனும் பூஜ்ஜியம். அதை மறந்தாலும் கணக்கு வந்துவிடுகிறது. ஆதாரப்புள்ளியிலிருந்து அளக்கச் சொல்வதன் காரணமே அதுதான். வேறு இடத்துக்குப் போய் அளந்தால் அந்த விசை கணக்குக்குள் வந்துவிடும்.

இதை எனக்கு உறைக்கவைத்தவள் பல வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவி. அவள் தாளில் 30 என்ற எண்ணே இல்லை. 10, 40, 50 என்று மூன்று தூரங்கள், எல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து. தவறான புள்ளி என்று கோடு போட்டு, தத்துவம் எழுதியதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டேன். மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சார், விடை 150தானே? எனக்கும் 150தான் சார் வந்திருக்கு."

"எங்கிருந்து அளக்கணும்னு சொல்லியிருக்கேன்மா?"

"கத்தி தாங்குறதையும் சேர்த்துக்கிட்டேன் சார். படத்தில் அம்பு போட்டிருக்கேன்."

போட்டிருந்தாள். கத்தி தாங்கும் மொத்தச் சுமை எடைக்கல்லும் அளவுகோலும் சேர்ந்தது, அதாவது 50 + M. அது 40 செ.மீ. தூரத்தில் மேல்நோக்கி, இடஞ்சுழியாக. மற்ற இரண்டும் வலஞ்சுழி. அவள் எழுதிய சமன்பாடு:

(50 + M) × 40 = 50 × 10 + M × 50

விரித்தால் 2000 + 40M = 500 + 50M. M = 150. ஓர் எழுத்து பிசகவில்லை. பொருள் சமநிலையில் இருந்தால், எந்தப் புள்ளியிலிருந்து வேண்டுமானாலும் திருப்புத்திறன் எடுக்கலாம், எல்லா விசைகளையும் சேர்த்துக்கொண்டால் போதும். அது எனக்கும் தெரியும், ஆனால் திருத்தும்போது 30ஐயும் 10ஐயும் மட்டுமே என் கண் தேடியிருக்கிறது. நான்கு மதிப்பெண்ணையும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இனி 200. இதை எழுதியவர்கள் 50 × 40 = M × 10 என்று போட்டிருந்தார்கள். 40 எங்கிருந்து வந்தது? அளவுகோலின் நடுவான 50 குறியிலிருந்து எடைக்கல் 40 செ.மீ. தூரம். பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் தத்துவத்தைப் பயன்படுத்தி ஒரு பொருளின் எடையைக் காணும் செய்முறை இருக்கிறது. அதில் அளவுகோலை அதன் ஈர்ப்பு மையத்தில், நடுவில்தான் நிறுத்துவார்கள். அளவுகோலின் எடை கணக்குக்குள் வராமல் இருக்கவே அந்த ஏற்பாடு. அதைச் செய்து பழகிய பிள்ளைக்கு நடுவிலிருந்து அளப்பது கைப்பழக்கமாகிவிடுகிறது. இங்கே கத்தி நகர்ந்துவிட்டதைக் கை கவனிக்கவில்லை.

ஆனால் அந்தச் சமன்பாட்டை இன்னொரு முறை பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து அளந்தால் அளவுகோலின் சொந்த எடைக்குத் தூரம் இல்லை. மிச்சம் இருப்பவை 40 செ.மீ. தூரத்தில் எடைக்கல், 10 செ.மீ. தூரத்தில் கத்தியின் தாங்குவிசை. 50 × 40 = R × 10 என்று எழுதினால் R = 200. இது முழுக்க முழுக்கச் சரி! கத்தி முனை தாங்கும் சுமை 200 கிராமின் எடைதான். அதிலிருந்து எடைக்கல்லின் 50ஐக் கழித்தால் அளவுகோலின் 150 வந்துவிடும். அந்த மாணவர்கள் சரியான ஓர் எண்ணைக் கண்டுபிடித்து, அதற்குத் தவறான பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரே ஒரு கழித்தல்தான் பாக்கி.

மதிப்பெண்ணுக்கு வருவோம். முதல் பகுதியின் நான்கை நான் இப்படிப் பிரித்திருந்தேன்: தத்துவத்துக்கு ஒன்று, இரண்டு தூரங்களுக்கும் சேர்த்து ஒன்று, சமன்பாட்டில் பிரதியிட்டதற்கு ஒன்று, அலகோடு விடைக்கு ஒன்று. 10, 90 எழுதியவர்களுக்குத் தத்துவத்துக்கான ஒன்று மட்டும். தூரம் தவறியதோடு, ஒரே திசையில் திருப்பும் இரண்டை எதிரெதிரே வைத்ததும் சேர்கிறது, அதனால் பிரதியிட்டதற்கு மதிப்பெண் தர எனக்கு நியாயம் தெரியவில்லை. 200 எழுதியவர்களுக்கு இரண்டு. எடைக்கல்லையும் அளவுகோலையும் கத்தியின் இரு பக்கமும் சரியாகப் பிரித்திருக்கிறார்கள், இரண்டில் ஒரு தூரம்தான் தவறியது. சக ஆசிரியர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள் என்று தெரியும். விடை தவறினாலும் எதுவரை சரியாக வந்தார்கள் என்பதற்கு விலை இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

இரண்டாம் பகுதியில் முதல் பகுதியின் தவறான நிறையை எடுத்துக்கொண்டு மேலே போயிருப்பார்கள். ஒரு தவறுக்கு இரு முறை தண்டனை கூடாது. அதனால் அவரவர் விடையை வைத்து நான் ஒரு முறை போட்டுப் பார்ப்பேன். சரியான நிறையோடு, கத்தியின் புதிய இடம் x என்றால் 50 × (x − 20) = 150 × (50 − x), x = 42.5 செ.மீ. 150க்குப் பதில் 10ஐப் போட்டால் 25 வரும். 10 கிராம் எழுதியவர்களில் சிலர் அந்த 25ஐச் சரியாகவே கொண்டுவந்திருந்தார்கள், மூன்று மதிப்பெண்ணும் கொடுத்தேன். முதல் பகுதியில் முனையிலிருந்து அளந்த அதே பிள்ளை இங்கே x − 20 என்று கத்தியிலிருந்து அளக்கிறது! கத்தியின் இடம் தெரியாத எண்ணாக வந்ததும், அங்கிருந்துதான் அளக்க வேண்டும் என்பது புலப்பட்டுவிடுகிறது. எண் கையில் கொடுக்கப்பட்டிருக்கும்போதுதான் அது கண்ணில் படாமல் போகிறது.

அந்த 25 செ.மீ.யே முதல் பகுதியின் தவறைக் காட்டிக்கொடுக்கும். எடைக்கல்லை 10லிருந்து 20க்கு, அதாவது வலப்பக்கம் நகர்த்தியிருக்கிறோம். பாரம் வலப்பக்கம் போனால் தாங்கும் இடமும் 40லிருந்து வலப்பக்கம்தானே போக வேண்டும்? 25 இடப்பக்கம் போகிறது. 90 கிராமை வைத்துச் செய்தாலும் ஏறத்தாழ 39.3 வருகிறது, அதுவும் இடப்பக்கம். 200ஐ வைத்தால் 44 வரும், திசை சரியாக இருப்பதால் இந்தச் சோதனையில் அது தப்பிவிடுகிறது.

10 எழுதிய தாள்களின் ஓரத்தில் "கத்தி எங்கே?" என்றும், 200 எழுதிய தாள்களில் "இது எதன் சுமை?" என்றும் எழுதிக் கொடுத்தேன். 30 இல்லாத தாள் வந்தால் இப்போதெல்லாம் எண்களைப் பார்ப்பதற்கு முன் படத்தைப் பார்க்கிறேன், 40 குறியில் மேல்நோக்கி ஓர் அம்பு இருக்கிறதா என்று.