மூலிகைதானே என்று சேர்த்து விழுங்கினால்

ஜூன் மாதக் கடைசியில், புனித யோவான் திருநாளையொட்டி, ஐரோப்பாவின் வயலோரங்களில் ஐந்து இதழ் மஞ்சள் பூக்கள் பூக்கும். ஹைபெரிகம் என்ற செடி அது. மொட்டைக் கசக்கினால் விரலில் சிவப்புச் சாறு ஒட்டும். ஜெர்மனியில் மருத்துவர்களே இதன் சாற்று மாத்திரையை மனச்சோர்வுக்கு எழுதித் தருவதுண்டு. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 900 மில்லிகிராம். சோர்வு கடுமையாக இல்லாதவர்களுக்கு இது பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பலன் தரும் மருந்து மற்ற மருந்துகளோடு மோதவும் செய்யும்.

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அறிக்கையின்படி, சூரிக்கில் இதய மாற்று அறுவை செய்துகொண்ட இருவருக்கு, நன்றாக இருந்த புதிய இதயத்தை உடல் திடீரென எதிர்க்கத் தொடங்கியது. எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் இரத்தத்தில் குறைந்திருந்தது. இருவரும் மனச்சோர்வுக்காக ஹைபெரிகம் எடுத்துவந்திருந்தார்கள். அதை நிறுத்தியதும் சைக்ளோஸ்போரின் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. இந்தச் சாற்றிலுள்ள ஹைபர்ஃபோரின், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. அவை கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்களையும் சீக்கிரமே கரைத்துவிடும்.

கருத்தடை மாத்திரையைத் தவறாமல் போடும் ஒரு பெண், மனம் சோர்ந்திருக்கிறது என்று இந்த மூலிகையையும் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில நாட்களில் ஒன்றும் தெரியாது. நொதிகள் பெருக ஓரிரு வாரம் ஆகும். பிறகு மாதவிடாய்க்கு இடையில் இரத்தக்கசிவு தென்படலாம். ஹார்மோன் குறைந்துவிட்டதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ஆனால் கசிவே இல்லாமலும் கரு தங்கிவிடக்கூடும், ஆகவே அடையாளத்துக்காகக் காத்திருப்பது ஆபத்து. கையில் பொருத்தும் ஹார்மோன் குச்சிக்கும் இதே கதிதான். மூலிகையை நிறுத்திய அன்றே பாதுகாப்பு திரும்பாது; அதன் பிறகும் நான்கு வாரத்துக்கு ஆணுறை போன்ற வேறொரு வழி தேவை. அவசரக் கருத்தடை மாத்திரையின் வலுவும் இதனால் குறையும்; வாங்கும்போதே மூலிகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தாமிரக் கருத்தடை வளையத்தில் ஹார்மோன் இல்லை, அதற்குப் பாதிப்பும் இல்லை.

மனச்சோர்வு மாத்திரையோடு சேரும்போது ஆபத்து நேர்மாறானது. செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெட்டின் போன்றவை மூளையில் செரட்டோனினைக் கூட்டுகின்றன. ஹைபெரிகமும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறிவிடலாம். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, இருப்புக்கொள்ளாமை என்று தொடங்கும். கால் தசைகள் தானாகத் துடித்து விறைத்து, காய்ச்சலும் ஏறினால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எடுத்த மருந்துப் புட்டிகளையெல்லாம் கையோடு கொண்டுபோங்கள், மூலிகைப் புட்டி உட்பட.

மாத்திரையை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறுகிறவர்களும் இதில் சிக்கலாம். ஃபுளுவாக்ஸெட்டின் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடலில் தங்கியிருக்கும். எத்தனை நாள் இடைவெளி விடுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.