118 வர வேண்டிய இடத்தில் 139.24

100 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத வரி சேர்த்தால் 118 ரூபாய். ஜூபிட்டர் நோட்புக்கில் கணக்குப் போட்டவருக்கு 139.24 வருகிறது. நிரலை வரிவரியாகப் படித்தாலும் தவறு தென்படவில்லை. உண்மையிலேயே நிரலில் தவறு இல்லை என்பதுதான் சிக்கல்.

முதல் செல், விற்பனைப் பட்டியலைப் படிக்கிறது. இரண்டாவது செல், வரியைச் சேர்க்கிறது:

```python
import pandas as pd
df = pd.read_csv("sales.csv")
```

```python
df["price"] = df["price"] * 1.18
```

இரண்டாவது செல்லை அவர் இரண்டு முறை ஓட்டிவிட்டார். ஷிஃப்டும் என்டரும் கையோடு பழகிப்போன விசைகள். எத்தனை முறை அழுத்தினோம் என்று யாரும் எண்ணுவதில்லை. முதல் முறை 100, 118 ஆனது. மறுமுறை அந்த 118 மீது மீண்டும் 18 சதவீதம் ஏறியது. திரையிலோ அந்த வரி ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது.

நாம் பிரவுசரில் பார்க்கும் பக்கம் வேறு, கணக்குப் போடும் கர்னல் வேறு. கர்னல் பின்னால் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். செல்கள் மேலிருந்து கீழாக எந்த வரிசையில் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. எது எப்போது வந்ததோ அதைச் செய்து, விளைவை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு செல்லை நீங்கள் அழித்தாலும், அது உருவாக்கிய மாறி கர்னலின் நினைவில் அப்படியே இருக்கும். கீழே உள்ள செல்கள் அதை நம்பி ஒழுங்காக வேலை செய்யும். மறுநாள் காலை கோப்பைத் திறந்து புதிதாக ஓட்டும்போதுதான் `NameError` வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தடயம் திரையிலேயே இருக்கிறது. செல்லின் இடப்பக்கம் அடைப்புக்குறிக்குள் வரும் எண், அது எத்தனையாவதாக ஓடியது என்பதைச் சொல்கிறது. மேலே சொன்ன கணக்கில் முதல் செல்லுக்கு `[1]`. இரண்டாவது செல் `[2]` ஆக ஓடி, மறுபடி ஓட்டியதும் `[3]` ஆகிவிட்டது. விடையை அச்சிடும் மூன்றாவது செல்லுக்கு `[4]`. திரையில் 1, 3, 4 என்று நிற்கும். காணாமல் போன 2தான் துப்பு: ஏதோ ஒரு செல் மறுபடி ஓடியிருக்கிறது, அல்லது ஓடியபின் அழிக்கப்பட்டிருக்கிறது. கீழே போகப் போக எண் குறைந்தால், செல்கள் வரிசை மாறி ஓடியிருக்கின்றன.

மருந்து எளிது. `Kernel` மெனுவில் `Restart Kernel and Run All Cells…` இருக்கிறது. கர்னல் பழையதை எல்லாம் மறந்து, முதல் செல்லிலிருந்து வரிசையாக ஓடும். பிழை வந்த இடத்தில் நின்றுவிடும். யாருக்கும் கோப்பை அனுப்புவதற்கு முன் இதைச் செய்யாமல் விடக்கூடாது என்பது என் கட்சி. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் பிமென்டெலும் சக ஆய்வாளர்களும் கிட்ஹப்பிலிருந்து சுமார் 14 லட்சம் நோட்புக்குகளைத் திரட்டினார்கள். ஓட்டிப் பார்த்தவற்றில் பிழையில்லாமல் முடிந்தவை சுமார் 24 சதவீதம். பழைய விடையே மறுபடி கிடைத்தவை ஏறத்தாழ 4 சதவீதம்தான். எல்லாவற்றுக்கும் செல் வரிசையே காரணமல்ல. தேவையான லைப்ரரி இல்லாமல் நின்றுபோனவையும் உண்டு.

ஆனால் மறுபடி ஓட்டிப் பார்ப்பது சோதனை மட்டுமே. செல்லை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வரும்படி எழுதுவது அதைவிட மேல். பழைய நெடுவரிசையைத் தொடாமல் புதியதில் எழுதினால் போதும்:

```python
df["total"] = df["price"] * 1.18
```

இப்போது பத்து முறை ஓட்டினாலும் 118தான். `price` மாறவே இல்லை அல்லவா?

பலர் அடுத்த படியாக வேலையை ஃபங்ஷனுக்குள் போடுகிறார்கள். உள்ளே பிறக்கும் மாறிகள் வெளியே கசியாது என்பதால் நல்ல வழக்கம்தான். அதிலும் ஒரு பொறி உண்டு:

```python
def add_tax(data):
    return df["price"] * 1.18
```

`data` என்று வாங்கிக்கொண்டு, உள்ளே `df` என்று எழுதியிருக்கிறது. கர்னலில் `df` இருக்கும்வரை இது புகார் இல்லாமல் ஓடும். ஜனவரிப் பட்டியலைக் கொடுத்தாலும் பிப்ரவரிப் பட்டியலைக் கொடுத்தாலும் அதே பழைய `df`க்குத்தான் வரி போடும். புதிதாக ஓட்டினாலும் பிடிபடாத தவறு இது, ஏனென்றால் `df` மேலே முறையாகவே உருவாகிறது. வேறொரு பட்டியலைக் கொடுத்து, விடை மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

ஒரு செல்லுக்கு நாற்பது நிமிடம் ஆகுமானால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஓட்ட யாருக்கும் மனம் வராது. அப்போது அந்த விடையை ஒரு கோப்பில் சேமித்து, மீதி வேலையைத் தனி நோட்புக்கில் அந்தக் கோப்பைப் படித்தே தொடங்கலாம். மூல நிரலைத் திருத்திய பிறகும் பழைய கோப்பையே படித்துக்கொண்டிருந்தால், கர்னலில் ஒளிந்திருந்த சிக்கல் இப்போது வட்டில் ஒளிந்திருக்கும். கோப்பு சேமிக்கப்பட்ட தேதி, அதை உருவாக்கும் நிரலைக் கடைசியாகத் திருத்திய தேதிக்குப் பிந்தியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.